மொழிபெயர்ப்பாளரின் மேசையில் தொலைந்த ‘நாம்’

நல்லேப்பிள்ளியில் கடை வைத்திருக்கும் ஒருவர் நாளொன்றுக்குப் பலமுறை இரண்டு மொழிகளுக்கு இடையே கடந்து செல்கிறார். வருபவர் தமிழில் பேசினால் தமிழ், மலையாளத்தில் பேசினால் மலையாளம். எந்த மொழியில் பேசினாலும் ஒரு வேறுபாட்டை அவர் தவறவிடுவதில்லை. கேட்பவரைச் சேர்த்துச் சொல்லும்போது ‘நாம்’ அல்லது ‘நம்மள்’. கேட்பவரை விலக்கிச் சொல்லும்போது ‘நாங்கள்’ அல்லது ‘ஞங்ஙள்’. ‘நாங்கள் கடையை அடைக்கிறோம்’ என்பதற்கும் ‘நாம் போகலாம்’ என்பதற்கும் உள்ள இடைவெளியைப் பிழையின்றிக் கையாள எவருக்கும் இலக்கணப் பாடம் தேவைப்படுவதில்லை.

இதே வட்டாரத்து மாணவர் கல்லூரியில் ஊடக வரலாற்றைப் படிக்கும்போது, காலனிய எதிர்ப்பில் இந்திய மொழி இதழ்களின் பங்கு என்றொரு பாடத்தைச் சந்திக்கிறார். அப்பாடத்துக்கு ஆதாரமாக நிற்கும் ஆய்வுகள் பலவற்றில், தமிழ் இதழ் சொன்னதாகக் காட்டப்படும் செய்தி தமிழிலிருந்து நேரடியாக எடுக்கப்பட்டதன்று. அரசு மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் எழுதிய சுருக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது. அந்தச் சுருக்கத்தில் ‘நாம்’, ‘நாங்கள்’ என்ற வேறுபாடு இல்லை. ஆங்கிலத்தில் அதற்கு இடமும் இல்லை. கடைக்காரர் தவறவிடாத ஒன்றை வரலாற்றின் சான்றாதாரம் தவறவிட்டிருக்கிறது. இதனை மொழியியலாரின் நுண்கவலை என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு பத்திரிகை அரசிடம் முறையிட்டதா, மக்களை அழைத்ததா என்ற அடிப்படை அரசியல் வினாவே அதில் அடங்கியுள்ளது.

அந்தச் சுருக்கங்கள் எவ்வாறு உருவாயின என்பதை முதலில் பார்க்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மாகாண அரசுகள் இந்திய மொழி இதழ்களைப் படித்துச் சுருக்கி அறிக்கையாக்கும் ஏற்பாட்டை நடத்தின. சென்னை மாகாணத்தில் அவ்வறிக்கை ஒரு காலத்தில் தாங்கியிருந்த தலைப்பே அதன் இயல்பைக் காட்டிக்கொடுக்கிறது. இந்தியருக்கு உரிமையான ஆங்கில இதழ்களைக் குற்றப் புலனாய்வுத் துறை ஆராய்ந்ததாகவும், தாய்மொழி இதழ்களை அரசின் மொழிபெயர்ப்பாளர்கள் ஆராய்ந்ததாகவும் அத்தலைப்பு கூறுகிறது. ஆங்கிலம் என்றால் காவலர் நேரடியாகப் படித்துவிடலாம். தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் என்றால் நடுவில் ஒருவர் தேவை. இன்றைய ஆய்வாளர் படிப்பது அந்த நடுவர் விட்டுச்சென்ற எழுத்தை.

அந்த நடுவர் அறிவற்றவராகவோ நேர்மையற்றவராகவோ இருந்தார் என்று கருத வேண்டியதில்லை. அவருக்கு இடப்பட்ட பணி வேறு. வாரந்தோறும் வந்து குவியும் இதழ்களில் அரசு அறிய வேண்டியது எது என்று தேர்ந்து, அதனைச் சில வரிகளில் தருவதே அவர் கடமை. பத்திரிகை தன் வாசகரோடு எவ்வாறு பேசியது என்பது அவரிடம் கேட்கப்பட்ட கேள்வியன்று. கேட்கப்படாத கேள்விக்கான விடையை அவருடைய தாள்களில் தேடுவதுதான் ஆய்வு வழக்கில் நேர்ந்த பிழை.

தேர்வுக்கு அடுத்தது வகைப்பாடு. அறிக்கையின் உள்ளடக்கம் வழக்கமான சில தலைப்புகளின்கீழ் அடுக்கப்பட்டது: அயல்நாட்டு அரசியல், உள்நாட்டு நிர்வாகம், சட்டமியற்றல், சுதேச சமஸ்தானங்கள், விளைச்சலும் மக்கள் நிலையும், பல்வகை. ஒரே தலையங்கம் நிலவரியையும் பஞ்சத்தையும் ரஷ்ய ஜப்பானியப் போரையும் இணைத்துப் பேசியிருந்தால், அது மூன்று துண்டுகளாகி மூன்று இடங்களுக்குப் போகக்கூடும். அவற்றை இணைத்ததுதான் அந்தத் தலையங்கத்தின் வாதம் என்றால், அறிக்கையில் அந்த வாதம் மட்டும் இராது.

இவ்வகைப்பாட்டின் விளைவு பாலக்காட்டுப் பகுதிக்கு மிக நெருக்கமானது. நல்லேப்பிள்ளி அமைந்துள்ள சித்தூர் வட்டம் அன்று கொச்சி சமஸ்தானத்துக்கு உரியது. சமஸ்தானத்தின் பிற பகுதிகளோடு ஒட்டாமல் பிரிட்டிஷ் இந்திய நிலத்தின் நடுவே தனித்துக் கிடந்தது. சில கல் தொலைவிலுள்ள பாலக்காடோ சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டம். ஆகவே சித்தூரைப் பற்றிய குறை ‘சுதேச சமஸ்தானங்கள்’ என்ற தலைப்பின்கீழும், பாலக்காட்டைப் பற்றிய குறை ‘உள்நாட்டு நிர்வாகம்’ என்ற தலைப்பின்கீழும் சென்றன. இரண்டு ஊர்களிலும் ஒரே சந்தைக்குப் போய் ஒரே விலையைக் கொடுத்த மக்களுக்கு இந்த எல்லை எந்த அளவுக்குப் பொருள்பட்டது என்பதை அறிக்கை சொல்லாது.

திருவிதாங்கூரில் ‘சுதேசாபிமானி’ மலையாள இதழுக்கு நேர்ந்ததும் இத்தகைய பிரிப்பால் குறுகிப் போகிறது. வக்கம் அப்துல் காதர் மௌலவியின் உரிமையிலிருந்த அவ்விதழின் ஆசிரியர் கே. ராமகிருஷ்ண பிள்ளை, திவான் பி. ராஜகோபாலாச்சாரியின் ஆட்சியைக் கடுமையாக எழுதினார். 1910 செப்டம்பர் 26 அன்று அச்சகம் பறிமுதல் செய்யப்பட்டது. ஆசிரியர் நாடு கடத்தப்பட்டுத் திருநெல்வேலிப் பக்கம் கொண்டுவிடப்பட்டார். அறிக்கையின் வகைப்பாட்டை ஏற்றுக்கொண்டால் இது ஒரு சமஸ்தானத்தின் உள்விவகாரம். ஆனால் 1910 என்பது பிரிட்டிஷ் இந்தியாவில் புதிய அச்சகச் சட்டம் வந்த ஆண்டு. அச்சகத்தாரிடம் பிணைத்தொகை கேட்கவும் அதைப் பறிமுதல் செய்யவும் அச்சட்டம் அரசுக்கு அதிகாரம் தந்தது. எல்லைக்கு இப்புறம் பிணைத்தொகை, அப்புறம் நாடு கடத்தல் என்று இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கே அந்த ஆண்டின் வடிவம் தெரியும்.

மொழி இதழ்களை ஆங்கில இதழ்களிலிருந்து பிரித்துப் பார்க்கும் பழக்கம் அறிக்கையோடு நின்றதன்று, சட்டமாகவும் வந்தது. 1878இல் லிட்டன் பிரபு கொண்டுவந்த தாய்மொழிப் பத்திரிகைச் சட்டம் ஆங்கில இதழ்களைத் தொடவில்லை. அதனால்தான் கல்கத்தாவின் ‘அமிர்த பஜார் பத்திரிகா’ சட்டத்துக்கு அகப்படாமல் உடனடியாக ஆங்கில இதழாக மாறியது. தேசியப் பத்திரிகையின் சாதுரியமாக இச்செய்தி பாடநூல்களில் வழக்கமாகச் சொல்லப்படுகிறது. அதன் மறுபக்கம் அரிதாகவே சொல்லப்படுகிறது: அதே கருத்து ஆங்கிலத்தில் வந்தால் பொறுத்துக்கொள்ளலாம் என்று அரசு எண்ணியது. கருத்தைவிட, அது யாரை நோக்கிச் சொல்லப்படுகிறது என்பதே அச்சத்தின் ஊற்றாக இருந்தது. இவ்வச்சத்தை அரசு சட்டத்தில் வெளிப்படையாகவே எழுதிவைத்தது. ஆனால் அதன் மொழிபெயர்ப்பாளர் தந்த சுருக்கத்திலோ, யாரை நோக்கி என்ற தகவல்தான் முதலில் உதிர்ந்தது.

அது எப்படி உதிர்கிறது என்பதற்கு, விளக்கத்துக்காக அமைத்த இரண்டு தொடர்கள் போதும். ‘வரி உயர்ந்தால் நாங்கள் எவ்வாறு வாழ்வோம்?’ என்பது ஒன்று. ‘வரி உயர்ந்தால் நாம் எவ்வாறு வாழ்வோம்?’ என்பது மற்றொன்று. முதல் தொடரில் கேட்பவர் அரசு; பேசுபவர் குடிகள்; அது விண்ணப்பம். இரண்டாவதில் கேட்பவரும் வாழ வழியற்றவரே. ஆகவே அரசு அந்த உரையாடலுக்கு வெளியே நிற்கிறது. சுருக்கத்தில் இரண்டும் ‘வரி உயர்வு மக்களுக்குத் துன்பம் தரும் என்று இதழ் கருதுகிறது’ என்ற ஒரே தொடராகிவிடும். விண்ணப்ப அரசியலிலிருந்து மக்கள் அரசியலுக்கு இதழ்கள் எப்போது நகர்ந்தன என்று கேட்கும் ஆய்வாளருக்கு இந்த ஒற்றைச் சொல்லைவிட நல்ல தடயம் கிடைப்பது அரிது. மலையாளத்திலும் தெலுங்கிலும் மராத்தியிலும் இதே வேறுபாடு உண்டு. இந்தியிலும் வங்காளத்திலும் இல்லை. எனவே வங்காள இதழ்களை வைத்து உருவான ஆய்வு முறையை அப்படியே தென்னிந்தியாவுக்குக் கொண்டுவருவோர் இதைத் தேடவும் மாட்டார்கள்.

இந்தத் தடயத்துக்கும் எல்லை உண்டு. அக்காலத் தலையங்கங்களில் ஆசிரியர் தம்மையே ‘நாம்’ என்று குறித்துக்கொள்வது வழக்கம். ‘சென்ற வாரம் நாம் எழுதியிருந்தோம்’ என்பதில் வாசகர் சேரவில்லை. ஆகவே சொல்லை மட்டும் எண்ணி அட்டவணை போடுபவர் ஏமாறுவார். வினையைப் பார்க்க வேண்டும்: அச்செயலை வாசகரும் செய்ய இயலுமா? எழுதுதல் ஆசிரியருக்கு உரியது. பொறுத்திருத்தல், வாங்காதிருத்தல், கூடுதல் ஆகியவை வாசகருக்கும் உரியவை. இந்தச் சோதனையை மூலத் தமிழில்தான் செய்ய முடியும்.

மரியாதை விகுதியும் அவ்வாறே. ஒரு கவர்னரைப் பற்றி ‘வந்தார்’ என்று எழுதுவதும் ‘வந்தான்’ என்று எழுதுவதும் தமிழில் ஒன்றல்ல. ஓர் எழுத்து மாறினால் மனிதர் பீடத்திலிருந்து இறங்கிவிடுகிறார். ஆங்கில வினைச்சொல் இரண்டுக்கும் பொது. அரசவை மரியாதையோடு எழுதப்பட்ட கடுமையான விமர்சனமும், விகுதியிலேயே மரியாதையைக் கழற்றிவிட்டு எழுதப்பட்ட சாதாரணச் செய்தியும் சுருக்கத்தில் இடம் மாறித் தோன்றும். முன்னது அபாயமாகப் பதிவாகும். பின்னது பதிவாகாமலே போகலாம்.

மொழிபெயர்ப்பு இவ்வளவு முக்கியமா என்று ஐயுறுவோர் 1908 ஜூலையில் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் நடந்த திலகர் வழக்கைப் பார்க்கலாம். ‘கேசரி’ மராத்தி இதழில் வந்த கட்டுரைகளுக்காக ராஜதுரோகக் குற்றம் சாட்டப்பட்ட திலகர், தம் தரப்பைத் தாமே வாதிட்டார். அரசு தந்த ஆங்கில மொழிபெயர்ப்புகள் பிழையானவை, மூலத்தின் தொனியைத் திரிப்பவை என்பது அவருடைய வாதத்தின் முக்கியமான பகுதி. அரசின் மொழிபெயர்ப்பாளர் சாட்சிக் கூண்டில் சொல் சொல்லாகக் குறுக்கு விசாரணை செய்யப்பட்டார். ஜூரிகள் ஒன்பது பேரில் ஏழு பேர் ஐரோப்பியர், இருவர் பார்சிகள். ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் குற்றம் உறுதியாயிற்று. ஆறாண்டு நாடு கடத்தல் தண்டனை கிடைத்தது. மராத்தி மொழி இதழின் மீதான தீர்ப்பு, நடைமுறையில் ஓர் ஆங்கிலப் பிரதியின் மீதான தீர்ப்பாக அமைந்தது. அன்று குற்றவாளிக் கூண்டில் நின்றவர் ஏற்க மறுத்த அவ்வகைப் பிரதியைத்தான் இன்று ஆய்வேடுகள் ஐயமின்றி மேற்கோள் காட்டுகின்றன.

தமிழில் இதற்கு மிக நல்ல எடுத்துக்காட்டு ‘இந்தியா’ வார இதழ். 1906 மே மாதம் சென்னையில் தொடங்கிய இவ்விதழை எழுத்தால் நடத்தியவர் சுப்பிரமணிய பாரதி. முதல் பக்கத்தில் அரசியல் கருத்துப்படம் வெளியிட்டது தமிழ் இதழியலில் அதன் புதுமை. எழுத்தறியாதவரும் பார்த்துப் புரிந்துகொள்ளும் பகுதி அது. அந்தப் படத்தை அறிக்கையில் சேர்க்க வேண்டுமானால் சொற்களில் விவரித்தாக வேண்டும். யார் எங்கே நிற்கிறார், கையில் என்ன இருக்கிறது என்பது விவரணையில் வந்துவிடும். எதைக் கண்டு பார்ப்பவர் சிரித்தார் என்பது வராது.

‘இந்தியா’வின் கதை மற்றொரு பொறியையும் காட்டுகிறது. அறிக்கைகளோடு இணைக்கப்பட்ட பட்டியல்களில் இதழின் பெயர், வெளியாகும் ஊர், ஆசிரியர், விற்பனைப் படிகள் முதலிய விவரங்கள் காணப்படும். ஆனால் சட்டத்தின் முன் பொறுப்பேற்றுப் பதிவு செய்துகொண்டவரும் எழுதியவரும் ஒருவராகவே இருக்க வேண்டியதில்லை. 1908 ஆகஸ்டில் ‘இந்தியா’வின் மீது நடவடிக்கை வந்தபோது கைதாகிச் சிறை சென்றவர், பதிவேட்டில் பெயர் கொண்டிருந்த சீனிவாசன். எழுதிய பாரதி பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்றார். அதே மாதத்தில் ‘சுதேசமித்திரன்’ ஆசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயரும் கைது செய்யப்பட்டார். பட்டியலை மட்டும் வைத்து ஆசிரியர் வரலாறு எழுதுபவர், தண்டனையை ஏற்பதற்காக நிறுத்தப்பட்ட பெயர்களின் வரலாற்றையே எழுத நேரிடும்.

1908 இறுதியில் ‘இந்தியா’ புதுச்சேரியிலிருந்து மீண்டும் வெளிவந்தது. அவ்வாண்டு வந்த புதிய சட்டம் குற்றத்துக்குத் தூண்டும் இதழின் அச்சகத்தையே கைப்பற்ற அனுமதித்தது. ஆனால் அதன் கை பிரெஞ்சு எல்லைக்குள் நீளவில்லை. அச்சுக்கூடத்தைத் தொட முடியாத அரசு, வாசகருக்குச் செல்லும் வழியைத் தொட்டது. பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் இதழ் நுழைவது தடுக்கப்பட்டது. புதுச்சேரிக்குள் மட்டும் விற்று வாழக்கூடிய இதழன்று அது. 1910 மார்ச்சில் நின்றுபோனது. எழுதும் உரிமை இருந்தும் சென்றுசேரும் வழி இல்லாமல் ஓர் இதழ் இறந்ததற்கு இது சான்று. அடக்குமுறையை வழக்குகளின் எண்ணிக்கையால் அளப்போரின் கணக்கில் இந்த இறப்பு வராது.

மூலத்துக்குத் திரும்பினால் தேசியவாதக் கதைக்கு ஊக்கம் மட்டுமே கிடைக்கும் என்று எண்ணுவதும் தவறு. ‘இந்தியா’ சென்னையில் வந்துகொண்டிருந்தபோதே, 1907 ஜூனில், அதே நகரின் இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற வார இதழைத் தொடங்கினார். அது பின்னர் ‘தமிழன்’ எனப் பெயர் பெற்றது. சாதியைக் காத்துக்கொண்டே சுயராஜ்யம் கேட்பவர்களை அவ்விதழ் விடாமல் கேள்வி கேட்டது. ‘இந்தியா’வின் ‘நாம்’ என்பதற்குள் யார் இருந்தார்கள், யாருக்கு அது ‘அவர்கள்’ ஆயிற்று என்ற விவாதம் அதே மொழியில், அதே நகரத்தில், அதே ஆண்டுகளில் நடந்தது. ‘இந்திய மொழி இதழ்கள் காலனியத்தை எதிர்த்தன’ என்று பாடநூல் ஒரே மூச்சில் சொல்லும்போது இந்த விவாதம் மறைகிறது. எதிர்ப்பின் அளவை அளக்கும் அரசு ஆவணத்தையே ஆதாரமாகக் கொண்ட வரலாறு, இதழ்களை எதிர்ப்பவை, எதிர்க்காதவை என்ற இரண்டு பெட்டிகளில்தான் போடும். அயோத்திதாசர் இரண்டு பெட்டியிலும் அடங்கமாட்டார்.

இவ்வாதத்துக்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. பல இதழ்களின் மூலப் படிகள் அழிந்துவிட்டன. அறிக்கையில் இருக்கும் நான்கு வரிகளே சிலவற்றுக்கு எஞ்சிய தடம். அந்த நிலையில் அறிக்கையைப் புறக்கணிப்பது அவ்விதழ்களை இரண்டாம் முறை அழிப்பதாகும். இது உண்மை. அறிக்கையைத் தூக்கியெறிய வேண்டும் என்று எவரும் கோரவில்லை. இதழின் குரலாக அதைக் கருதாமல், இதழைப் படித்த ஓர் அதிகாரியின் குறிப்பாகக் கருதி மேற்கோள் காட்ட வேண்டும் என்பதே கோரிக்கை. ‘இதழ் எழுதியது’ என்பதற்கும் ‘இதழ் எழுதியதாக மொழிபெயர்ப்பாளர் தெரிவித்தார்’ என்பதற்கும் உள்ள தூரத்தை ஆய்வேட்டின் தொடரமைப்பு காட்ட வேண்டும்.

மூலம் கிடைக்கும் இடங்களில் அதைத் திறக்காமல் இருப்பதற்கோ எந்த மறுப்பும் துணை நிற்காது. ‘இந்தியா’வில் பாரதி எழுதியவற்றை இளசை மணியனும் சீனி. விசுவநாதனும் தொகுத்து வெளியிட்டிருக்கிறார்கள். ‘தமிழன்’ கட்டுரைகளும் தொகுதிகளாகக் கிடைக்கின்றன. ஒரு பருவத்துக்குள் செய்துமுடிக்கக்கூடிய பயிற்சி இது: தொகுப்பிலிருந்து ஒரு தலையங்கத்தை எடுத்துக்கொள்வது, அதே வாரத்து அறிக்கையில் அதற்கான சுருக்கத்தைத் தேடுவது, இரண்டையும் பக்கத்தில் வைத்து விடுபட்டவற்றைக் குறிப்பது. சுருக்கம் இல்லையென்றால் அந்த இன்மையும் ஒரு தரவு. அரசின் கண்ணில் படாத பகுதி எது என்பதை அது சொல்லும்.

இப்பயிற்சிக்குத் தேவையான திறன், பெருநகரப் பல்கலைக்கழகங்களில் ஆங்கிலம் மட்டும் கொண்டு வரலாறு பயிலும் மாணவரைவிடச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதி மாணவரிடம் கூடுதலாக இருக்கிறது. தமிழில் ‘இந்தியா’வையும் மலையாளத்தில் ‘சுதேசாபிமானி’யையும் இடையில் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் படிக்கக்கூடியவர் அவர். அவரைப் பார்த்து, ‘தரமான ஆதாரம் ஆங்கிலத்தில் இருக்கிறது, அதையே மேற்கோள் காட்டு’ என்று சொல்லும் வகுப்பறை, 1908இல் நீதிமன்றம் செய்ததையே மீண்டும் செய்கிறது. மூலமொழி தெரிந்தவரைக் கூண்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு, பெயர்ப்பை வைத்துத் தீர்ப்பு எழுதுகிறது.

நல்லேப்பிள்ளிக் கடைக்காரர் கேட்பவரைச் சேர்த்துப் பேசுகிறாரா, விலக்கிப் பேசுகிறாரா என்பது அடுத்து நிற்பவருக்கு உடனே தெரிந்துவிடுகிறது. நூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன் தமிழ் வாசகருக்கும் அது தெரிந்தே இருந்தது. தெரியாமல் போனது அறிக்கையைப் படித்த அதிகாரிக்கு. அவரைத் தொடர்ந்து, அந்த அறிக்கையோடு நின்றுவிடும் ஆய்வாளருக்கு.